படம் வருது, சத்தம் வரல

மனிதன் மலையேறியதே ஒலியைத் தேடித்தான். மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் ரிசார்ட் கட்டியிருக்கும் தேவராஜ் தன் விளம்பர அட்டையின் முதல் வரியாக இதை அச்சடித்திருந்தார். ‘நாதக்குகை’ என்று பெயர் வைத்த அறையில் சுவரை அடைத்த டிவி, வீடியோ கேம் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், இடுப்புயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை, விருந்தினர் கார் அடிவாரம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தபோது, அந்த அறையில் எல்லாம் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

படம் வந்தது. கார்கள் திரையில் பறந்தன, மோதின, தீப்பிடித்தன. ஒரு முனகல்கூட இல்லை.

தேவராஜின் அக்கா மகன் பிரேம், நாமக்கல்லில் செல்போன் கடை வைத்திருப்பவன். பூஜைக்கு வந்தவன் அப்படியே தங்கியிருந்தான். விசிட்டிங் கார்டில் ‘ஒலியியல் ஆலோசகர்’ என்று போட்டுக்கொள்வான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டிவியை இரண்டு சுற்று சுற்றினான்.

“மாமா, இது சிக்னல் செயின்ல பிரச்சனை.”

“அப்படின்னா?”

“சங்கிலி எங்கியோ அந்துருச்சு.”

“எங்க?”

“அதத்தான் மாமா கண்டுபிடிக்கோணும்.”

கண்டுபிடிப்பதற்கு முன்பே தேவராஜ் குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தார். “சுகந்தி!” என்று கத்தினார்.

சுகந்தி அதே மலையில் குண்டனி நாட்டுக்காரி. ரிசார்ட்டைக் கூட்டித் துடைத்து, பின்கட்டில் ஓர் அறையில் மகள் இளமதியோடு இருந்தாள். புருஷன் திருப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய் நான்கு வருஷம். போன் எண் மட்டும் மூன்று முறை மாறியது. இளமதிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே கூரை அதுதான்.

“பொட்டியத் தொடைக்கறது நீயொருத்திதான். ஈரத்துணி போட்டு என்ன பண்ணித் தொலைச்ச? மெசின் போயிருந்தா, சாயங்காலம் பஸ்ஸுக்கே மூட்டையக் கட்டிக்க.”

“ஈரத்துணி போட்டதில்லீங்க. காஞ்ச துணிதானுங்க.”

“பதில் பேசாத.”

“கேம் பொட்டியோட போர்டே போயிருக்கும் மாமா,” என்றான் பிரேம். போர்டு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்காததால் துணிச்சலாகச் சொன்னான்.

சுகந்தி டிவியைப் பார்த்தாள். மலையில் மழைக்காலம் முழுக்கப் பெட்டிகளின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை எல்லா வயரையும் பிடுங்கித் துடைத்து, திரும்ப மாட்டுகிறவள் அவள். குழம்பாமலிருக்க ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் பழைய சேலைக்கிழிசலை ஒரே நிறமாகக் கட்டி வைத்திருந்தாள். பூஜைக்கு முதல்நாள் தேவராஜ் அவை பிச்சைக்காரத்தனமாக இருக்கிறதென்று கத்தரித்து எறிந்தார்.

“ஐயா, ஒரு பத்து நிமிசங் குடுங்க. வயரப் புடிச்சிட்டே போய்ப் பாக்கறேன்.”

“இவ பாக்கறாளாம்!” என்றார் தேவராஜ். ஆனால் கார் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு வேறு வழியில்லை.

சுகந்தி கேம் பெட்டியின் பின்னாலிருந்து தொடங்கினாள். தட்டை வாய் வைத்த தடித்த வயரை மெல்ல இழுத்தாள். டிவியின் முதுகில் அதே வயர் அசைந்தது.

“இது பொட்டியிலருந்து டிவிக்குப் போறதுங்க. எச்டிஎம்ஐ. படம், சத்தம் ரெண்டுமே இதுக்குள்ளதான் போகுது. படம் வருதுங்க.”

“அதனால?”

“சத்தமும் டிவி வரைக்கும் வந்திருக்கோணும். கேட்டுப் பாத்தர்லாம்.”

ரிமோட்டை எடுத்து, சத்தம் எதன் வழியாக வரவேண்டும் என்கிற இடத்துக்குப் போய், டிவியின் சொந்த ஸ்பீக்கர் என்று மாற்றினாள். அறை முழுவதும் கார் அலறியது. பிரேம் ஓரடி பின்வாங்கினான்.

“போர்டு நல்லாத்தான் இருக்குதுங்க,” என்றாள் அவனைப் பார்க்காமல்.

“தற்காலிகமா வேலை செய்யும்,” என்றான் பிரேம்.

அடுத்து ஆம்ப்ளிஃபயருக்கு வந்தாள். அதன் பின்னாலிருந்து சிவப்பும் கறுப்புமாய் இரட்டை வயர் இரண்டு பக்கமும் பிரிந்து ஸ்பீக்கர்களுக்குப் போனது. நான்கு முனைகளையும் தொட்டுப் பார்த்தாள். சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு, இறுக்கமாக இருந்தன. தன் போனை ப்ளூடூத்தில் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து ஒரு பாட்டைப் போட்டாள். இரண்டு ஸ்பீக்கரும் பாடின.

“இங்கிருந்து அங்க வரைக்கும் சுத்தமா இருக்குதுங்க. பொட்டியிலருந்து டிவி வரைக்கும் சுத்தம். நடுவுல ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி.”

டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் சத்தத்தைக் கொண்டுபோகிற மெல்லிய கறுப்பு வயர் அது. மற்றவை மாதிரி உள்ளே செம்பு கிடையாது. சத்தம் அதில் வெளிச்சமாகப் போகும். டிவியைப் பழையபடி அந்த வயர் வழிக்கு மாற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்க நுனியை உருவினாள். டிவி ஓடும்போது நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி எரிய வேண்டும். எரியவில்லை. வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

நுனியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். நன்றாகக் காய்ந்திருந்தது.

முந்தின நாள் தேவராஜ் ஒவ்வொரு வயரையும் தன் கையாலேயே பிடுங்கி, ஒவ்வொன்றின் ஒரு நுனிக்குப் பொட்டு வைத்து, தானே திரும்பச் சொருகியது எல்லாருக்கும் தெரியும். இரும்பு வாய் வைத்த வயர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வெளிச்சத்துக்கு மட்டும் நெற்றி மூடியது பிடிக்கவில்லை.

சுகந்தி காய்ந்த பஞ்சால் துடைத்தாள். சிவப்புப் புள்ளி எரிந்தது. ஆம்ப்ளிஃபயரின் துளையையும் துடைத்துச் சொருகினாள். கார் மோதிய சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

“வந்துருச்சுங்க,” என்றாள். சிரிக்கவும் செய்தாள். அதுதான் தவறு.

தேவராஜின் முகம் மெல்ல நிறம் மாறியது. “அப்ப நாந்தான் கெடுத்தேங்கற.”

“ஐயோ, அப்படிச் சொல்லலீங்க. பொட்டு மறைச்சிருச்சுங்க.”

“சாமிக்கு வெச்ச பொட்டு மறைக்குமா? பிரேமு, நீ சொல்லு. படிச்சவன்.”

பிரேம் சந்தனத்தையும் பார்த்தான், மாமாவையும் பார்த்தான். “சந்தனம் இயற்கைப் பொருள் மாமா. சிக்னலுக்கு ஒண்ணும் பண்ணாது. இவ புடுங்கிப் புடுங்கி மாட்டறதுல லூஸாயிருக்கும்.”

“கேட்டியா? பொட்ட அழிச்சதுமில்லாம எம்மேலயே பழி போடறா. இந்த மாதிரி ஆளு இந்தக் காம்பவுண்டுக்குள்ள வேண்டாம்.”

“ஐயா, புள்ளைக்கு மார்ச் மாசம் பரீட்சைங்க. அது வரைக்கும் ஊட்டுல இருக்க உடுங்க. வேலைய வேணா எடுத்துக்கங்க.”

“அறை வேலக்காரிக்குத்தான். வேலக்காரி இல்லீன்னா அறை எதுக்கு?”

இதில் தர்க்கக் குறை எதுவும் இல்லை. சுகந்தி பின்கட்டுக்குப் போய், கொடியில் காய்ந்த யூனிஃபாரத்தை முதலில் மடித்தாள். பள்ளி விடுமுறை என்பதால் இளமதி கதவோரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். “எந்திரி சாமி,” என்றாள் சுகந்தி. இளமதி காரணம் கேட்கவில்லை. புத்தகங்களை அரிசிச் சாக்கில் போட்டார்கள். பாதி வழியில் சாக்கின் அடி பிரிந்து, வேதியியல் சேற்றில் விழுந்தது. மூன்று மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

விருந்தினர் வந்து குளிக்கப் போன நேரத்தில், தேவராஜ் பரிகாரமாக அந்த நுனியில் மறுபடியும் சந்தனம் வைத்தார், முன்னைவிடக் கனமாக. சத்தம் நின்றது. பிரேம், சுகந்தி அழுத்திய அதே பொத்தான்களைத் தேடி அழுத்தி, டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றிவைத்தான்.

விருந்தினர் மூன்று நாள் விளையாடினார்கள். பெரிய ஸ்பீக்கர் இரண்டும் பாடவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. தேவராஜுக்கும் தெரியவில்லை.