நின்றுபோன கடிகாரம்

நாலு மணிக்கு மாத அறிக்கை வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். அவர்கள் பதிந்த இருநூறு முறைப்பாட்டு டிக்கெட்டுகளில் நூற்றுத்தொண்ணூறு குறித்த நேரத்துக்குள் தீர்ந்திருந்தன. ஒப்பந்தம் கேட்ட தொண்ணூற்றைந்து வீதம், ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை.

அப்போதுதான், அறிக்கையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தக்சாயினியின் கண்ணில் அது பட்டது. வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருப்பதாகக் காட்டி, ஒரு டிக்கெட்டைத் தீர்க்க எடுக்கும் நேரத்தை எண்ணும் கடிகாரம் இரண்டு நாள் நிறுத்தப்பட்டிருந்தது. பதிலோ பத்தே நிமிடத்தில் வந்திருந்தது. கடிகாரத்தை மறுபடி ஓடவிட ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை.

"அண்ணை, இதைத் திருத்தினால் தொண்ணூற்றிநாலரைதான்."

"விடு பிள்ளை," என்றார் பொறுப்பாளர் அருட்செல்வன். "இருநூறுக்குள்ளை ஒண்டை ஆர் பாக்கப் போகினம்?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அந்த டிக்கெட்டைப் போட்டவருக்குத்தான் அண்ணை அறிக்கையே போகுது."