மூன்றாவது பிட்

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு ப்ரோக்ராம் எழுதியவள் அவள்தான். மலிவான சிப் அது. தகவலைத் தானாகவே வாங்கிக்கொள்ளும் ஒரே சீரியல் போர்ட் திரைக்குப் போய்விட, வெப்பம் அளக்கும் சென்சாருக்கு சிப்பின் கால்களில் ஒரு வெறும் பின்தான் மிஞ்சியது. "அதை சாஃப்ட்வேர்லயே படிச்சிரலாம்" என்று ஜம்பமாகச் சொன்னதும் அவள்தான்.

சென்சார் ஒரு எண்ணை எட்டு பிட்டாக உடைத்து, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று சிறிய மதிப்பிலிருந்து வரிசையாக அனுப்பும். ஒவ்வொன்றும் நூற்று நான்கு மைக்ரோ செகண்ட். ஒவ்வொன்றின் நடுவிலும் சிப் எட்டிப் பார்த்து, ஒன்றா பூஜ்யமா என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஐம்பத்திரண்டுக்கு மேல் தாமதித்தால் போச்சு, அடுத்த பிட்டைப் பார்த்துத் தொலையும்.

மத்தியானம் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

"மேடம், நேத்து புது ப்ரோக்ராம் போட்டுட்டுப் போனீங்கல்ல? பெட்டியில முப்பத்தஞ்சுன்னு காட்டுது. ஆனா புள்ள உடம்பு கொதிக்குது."

"வேற ஏதாவது காட்டுச்சா?"

"அப்பப்ப நாப்பத்தி நாலுன்னு கத்துது. ஒரேடியா ஒம்பது டிகிரி எப்படி ஏறும்? மெஷின் உளறுதுன்னு சத்தத்தை நிறுத்தி வச்சிருக்கோம்."

புது ப்ரோக்ராமில் பெட்டியின் விசிறி வேகத்தைச் சரிபார்க்க, நடக்கும் வேலையை நிறுத்திக் குறுக்கிடும் இன்டரப்ட் ஒன்று உண்டு. விசிறி சுற்றினால் அது எழுபது மைக்ரோ செகண்ட் எடுக்கும். சோதித்தபோது, இரைச்சல் தலைவலி தருகிறதென்று விசிறியின் ஒயரைக் கழற்றி வைத்திருந்தாள். பாவி!

பேப்பரில் பிட்டுகளை எழுதினாள். ஒவ்வொரு முறையும் இன்டரப்ட் மூன்றாவது பிட்டின் மேலேயே விழுந்து, அதன் இடத்தில் நான்காவதைப் படிக்க வைத்தால்? முப்பத்தொன்பதில் நான்கு குறைந்து முப்பத்தைந்தாகிறது. நாற்பதில் நான்கு கூடி நாற்பத்து நான்காகிறது. கணக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தியது. முப்பத்தைந்துதான், இன்னும் சூடு போதாது என்று நம்பிப் பெட்டி சூடேற்றுகிறது. நாற்பதைத் தொட்டால்தான் நிறுத்துகிறது.

"சிஸ்டர், குழந்தையை வெளிய எடுங்க! உடனே!"

"டாக்டர் சொல்லாம எப்படி மேடம்? குளிர் தாங்காதே..."

"உள்ள முப்பத்தொம்பது, நாப்பது இருக்கு! மெஷின் பொய் சொல்லுது. எடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

போனை எங்கோ வைக்கும் சத்தம். ஓட்டம். யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள். பிறகு ஒன்றுமே இல்லை. குழந்தை அழ மாட்டேன் என்கிறதே, ஏன் அழ மாட்டேன் என்கிறது? அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள்.

மெல்லிசாக ஒரு அழுகை கேட்டது.

நர்ஸ் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "நல்லவேளை மேடம்! டாக்டர் பாத்துட்டிருக்காரு. இங்க வராமலே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல சிஸ்டர்," என்றாள் அவள். "அந்தத் தப்பைப் பண்ணினதே நான்தான்."