முதல் பரிசு உபயம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று கடலூர் பழைய நகரத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். சொல்லட்டும். என் வீட்டுக்காரர் லியோவே கல்யாணமான மறு வாரம் கண்டுபிடித்துவிட்ட விஷயம்தான் அது. அந்தக் கோபத்துக்காகத்தான் கெடிலக்கரை வாலிபால் கிளப் போன வருஷப் பொதுக்குழுவில் என்னை உள்தணிக்கையாளராகத் தேர்ந்தெடுத்தது என்று நினைக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள், ஒரு காலத்தில் அதே கிளப்பின் பெண்கள் அணியில் ஆடியவள். வேறு யார் கிடைப்பார்கள் அவர்களுக்கு?

கிளப்பின் விதி எளிமையானது. வருஷக் கணக்கை உள்தணிக்கையாளர் பார்த்து, பொதுக்குழுவில் தன் வாயாலேயே அறிக்கை படிக்க வேண்டும். அதன்பிறகு உறுப்பினர்கள் கை தூக்கினால்தான் கணக்கு நிறைவேறும். அப்புறம்தான் வெளி ஆடிட்டர் கையெழுத்து, பதிவாளர் அலுவலகம் எல்லாம்.

இந்த வருஷம் பொதுக்குழு அழைப்பிதழைப் பிரித்ததுமே எனக்குச் சுருக்கென்றது. கூட்டப் பொருளில் கடைசி வரி: 'நிதிப் பற்றாக்குறை காரணமாகப் பெண்கள் அணியை நிறுத்தி வைப்பது.' பற்றாக்குறை முப்பத்தெட்டாயிரம் ரூபாயாம். நிறுத்தினால் முதலில் கைவிட்டுப் போவது அடுத்த மாதம் சிதம்பரத்தில் நடக்கும் மாவட்டப் போட்டி. அங்கேதான் மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள். கிளப் பெயரில் நுழைவுக் கட்டணம் கட்டாவிட்டால் நம் பெண்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

அழைப்பிதழ் வந்த அன்று மாலையே அணியின் கேப்டன் அருள்மொழி வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். "ஆன்ட்டி, நாங்க எல்லாரும் சந்தா கட்டிட்டுதான் ஆடுறோம். ஆம்பளப் பசங்க டீமுக்கு மட்டும் காசு எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். கேள்வி கேட்டவளுக்குப் பதில் கொடுத்தாக வேண்டும் அல்லவா?

கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவன் பொருளாளர் இருதயசாமி. லியோவின் தம்பி, என் கொழுந்தன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன்.

சந்தாவை முதலில் பார்த்தேன். ரசீது அடிக்கட்டை, உறுப்பினர் பதிவேடு, வங்கிக் கணக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். ஒரு ரூபாய் பிசகவில்லை. இருதயசாமி சுத்தமாக எழுதியிருந்தான், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொங்கல் போட்டியின் வரவும் சரியாகத்தான் இருந்தது. அணிகளின் நுழைவுக் கட்டணம், டிக்கெட், மைதானத்தில் கடை போட்டவர்களின் வாடகை எல்லாம் இருந்தது. செலவுப் பக்கம் வந்தேன். பந்தல், விளக்கு, நடுவர்களின் படி, பரிசுத் தொகை. முதல் பரிசு நாற்பதாயிரம். வவுச்சரில் வென்ற அணிக் கேப்டனின் கையெழுத்து.

அங்கேதான் கை நின்றது.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. பரிசுக்கு உபயம் தருகிறவர் பணத்தைக் கிளப்பில் கட்டி ரசீது வாங்க மாட்டார். மேடை ஏறி, தன் கையாலேயே கவரை ஜெயித்தவன் கையில் கொடுப்பார். மைக்கில் பெயர் முழங்கும், ஃபிளெக்ஸில் படம் இருக்கும், போட்டோவில் அவர் முகம் விழும். அதுதான் அவருக்கு மரியாதை. பொங்கலன்று முதல் பரிசு உபயம் அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி வைத்திலிங்கம் ஐயா. நானே முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், அவர் கவரைக் கொடுத்ததையும் சால்வை வாங்கியதையும்.

வரவில் அவர் பெயர் இல்லை. அது சரி, பணம் கிளப்புக்குள் வரவே இல்லை. ஆனால் வராத பணம் செலவில் எப்படி ஏறியது? அந்த நாற்பதாயிரத்தைச் செலவிலிருந்து எடுத்தால் பற்றாக்குறை போய் இரண்டாயிரம் மிச்சம் நிற்கிறது. பெண்கள் அணியை நிறுத்தக் காரணமே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

கோபம் இருக்கிறது என்பதற்காக வாய்க்கு வந்ததை எழுத முடியாது. ஒருவேளை கிளப்பும் தனியாக ஒரு கவர் கொடுத்திருக்கலாம். மறுநாள் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். ஜெயித்தது சிதம்பரத்து அணி. அதன் கேப்டன் ஜெயப்பிரகாஷ் மேல வீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். வவுச்சரின் நகலைக் காட்டினேன்.

"என் கையெழுத்துதாங்க்கா. பிரைஸ் வாங்குனா எங்க போனாலும் ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்க. நானும் போட்டேன்" என்றான்.

"எத்தன கவர் வாங்குன?"

"ஒண்ணுதான். அந்த முந்திரிக்காரர் ஸ்டேஜ்ல குடுத்தாரே, அதுதான். ஏன், இன்னொண்ணு தரணுமா எங்களுக்கு?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கவர், கொடுத்தவர் இன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். தந்தான். மாலையில் ஊர் திரும்பினால் என் வீட்டு வாசலில் இருதயசாமி நிற்கிறான். சிதம்பரத்திலிருந்து செய்தி என் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"அண்ணி, யாரும் திருடல. கமிட்டி ஆளுங்க எல்லாம் பிச்சாவரம் போனோம். போட்டுல போனது, சாப்பாடு, ரூமு, அப்புறம்... மத்ததும். அதுக்கெல்லாம் பில்லு வைக்க முடியுமா? செக்ரெட்டரி ராஜவேல்தான் சொன்னாரு, பிரைஸ் வவுச்சர் கெடக்குதே, அதச் செலவுல போட்டுருன்னு. நான் எழுதிட்டேன்."

"அப்ப அந்தச் செலவுக்குப் பொம்பளப் புள்ளைங்க டீம நிறுத்துறீங்க?"

"அது ராஜவேல் முடிவு அண்ணி. கணக்குல இல்லன்னா எங்கேயாச்சும் கொறைக்கணும்ல. கையெழுத்தப் போட்டுடுங்க. நான் மாட்டிக்குவேன்." கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

லியோ என்னைப் பார்த்தார். தம்பிக்காக ஒரு வார்த்தை சொல்வாரோ என்று நினைத்தேன். "அவகிட்ட கேக்குறதுக்குச் செவுத்துல முட்டிக்கலாம்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இருதயசாமியைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டால் கையெழுத்துப் போட முடியுமா? போட மாட்டேன் என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன்.

ராஜவேல் போனில் வந்தார். "நீங்க வீட்டுக்கணக்கு மாதிரி பாக்குறீங்க மேடம். வவுச்சர்ல கையெழுத்து இருக்கு. அதுக்கு மேல நோண்டுறது உங்க வேல இல்ல" என்றார்.

"நோண்டத்தான சார் எலெக்ட் பண்ணீங்க" என்று வைத்துவிட்டேன்.

ஞாயிறு பொதுக்குழு. பள்ளிக்கூட ஹால் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் அருள்மொழியும் அவள் அணியும். மேடையில் கிளப் தலைவரும் ராஜவேலும், ராஜவேல் பக்கத்தில் கௌரவ விருந்தினராக, வெள்ளை வேட்டியில், வைத்திலிங்கம் ஐயா. அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அடுத்த பொங்கலுக்கும் உபயம் வாங்குவதற்காக ராஜவேலே அழைத்திருந்தார். தன் கையாலேயே எனக்குச் சாட்சியைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார் மனுஷன்.

சந்தா சரி என்று படித்தேன். போட்டி வரவு சரி என்று படித்தேன். பிறகு மேடையைப் பார்த்துக் கேட்டேன்.

"செக்ரெட்டரி சார், பொங்கலுக்குக் குடுத்த முதல் பரிசு கிளப் காசா, இல்ல வைத்திலிங்கம் ஐயா காசா?"

ராஜவேல் வைத்திலிங்கம் ஐயாவை ஓரக்கண்ணால் பார்த்தார். கிளப் காசு என்றால் பக்கத்தில் இருப்பவரை மேடையிலேயே பொய்யராக்க வேண்டும். அவர் காசு என்றால் வவுச்சர் போச்சு.

"அது வந்து... ஐயா பேர்ல... கிளப்பு மூலமா..." என்று இழுத்தார்.

வைத்திலிங்கம் ஐயா மெதுவாகத் திரும்பினார். "என்னாய்யா கிளப்பு மூலமா? என் பெட்டியிலேருந்து எடுத்து எண்ணிக் கவர்ல போட்டது நானு. அப்ப நான் என்னா, ஊரான் காச எடுத்து நீட்டி சால்வ வாங்குனனா?"

நான் ஜெயப்பிரகாஷின் கடிதத்தைப் படித்தேன். ஒரு கவர்தான். அது ஐயா கொடுத்தது. ஆகவே நாற்பதாயிரம் கிளப்பின் செலவு இல்லை. அந்தத் தொகை கையிருப்பில் இருக்க வேண்டும், இல்லை. பற்றாக்குறை என்று ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. அவ்வளவுதான் அறிக்கை.

கூச்சல் அடங்க நேரமாயிற்று. வைத்திலிங்கம் ஐயா எழுந்து, மரியாதைக்காரர்தான், என்னைப் பார்த்துச் சொன்னார். "எம்மா, என் பேர்ல சண்ட வேணாம். அந்த நாப்பதாயிரத்த நானே இன்னொரு தரம் குடுத்துடுறேன். பொண்ணுங்க ஆடட்டும். இதோட வுட்டுடுங்க."

ராஜவேல் முகத்தில் உயிர் வந்ததைப் பார்த்தேன். நாலு பேர் கையும் தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஐயா, உங்க காசு வேணாம்" என்றேன். "நீங்க ஏற்கெனவே ஒரு தரம் குடுத்துட்டீங்க. பிச்சாவரத்துல போட் ஏறுனவங்க கட்டணும். இந்தப் பொண்ணுங்க யாரும் குடுத்த பிச்சையில ஆடல, அவுங்க கட்டுன சந்தாவுல ஆடுறாங்க."

கடைசி வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். பெண் விசில்தான்.

தலைவர் வேறு வழியின்றிக் கணக்கை வாக்குக்கு விட்டார். நிறைவேற்றக் கை தூக்குங்கள் என்றார். கமிட்டியில் அஞ்சாறு கை. எதிர்ப்பவர்கள் என்றார். கடைசி வரிசை மொத்தமாக எழுந்தது. முதலில் அருள்மொழி. பிறகு ஹாலின் நடுவில் ஒவ்வொன்றாகக் கைகள். நான் எண்ணிக்கொண்டே மேடைப் பக்கம் திரும்பினேன்.

பொருளாளர் நாற்காலியில் இருதயசாமி. தான் எழுதிய கணக்குக்கு எதிராகத் தன் வலது கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். ராஜவேல் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"வுடுங்க சார், நான் எழுதுனது தப்பு. என் பங்க நாளைக்கே கட்டிடுறேன். உங்க பங்கு எப்ப?" என்றான். மைக் பக்கத்தில் இருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது.

கணக்கு தோற்றது. திருத்திய கணக்குக்குச் சிறப்புக் கூட்டத்துக்குத் தேதி வைத்தார்கள். கூட்டப் பொருளின் கடைசி வரியை யாரும் எடுக்கவே இல்லை. வெளியே வந்தபோது இருதயசாமி வண்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான்.

"அண்ணி, இப்ப கையெழுத்துப் போடுவீங்களா?"

"காசு பேங்க்ல ஏறட்டும், போடுறேன். இப்ப சாப்பிட வா, மீன் கொழம்பு" என்றேன்.