முட்டையாகிப்போன காசு

எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மதில் வெடிப்பு, மழை பெய்யப் பெய்யச் சுருங்கிக்கொண்டே போனது. நேரில் அல்ல, போட்டோவில்.

மதில் என்றால் தேயிலை மலையைத் தாங்கி நிற்கும் சிமெந்துக் கட்டு. அது போனால் மலை நேரே, லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் காம்பரா வீடுகளின் அடுப்பங்கரைக்குள் வந்துவிடும். வைகாசி மழையில் அதில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு விழுந்தது. மண்சரிவு பார்க்கிற நிலக்ஷி மிஸ் ஹட்டனிலிருந்து வந்து, வெடிப்பை ஒட்டி ஐந்து ரூபாய்க் குத்திக் காசு ஒன்றைப் பசை போட்டு மதிலோடு ஒட்டிவைத்தார். மழைத்தண்ணீர் ஓடுகிற காணுக்கு இந்தப் பக்கம், வெடிப்புக்கு நேர் எதிரே கிடந்த தட்டைக் கல்லில் சிவப்புப் பெயின்றால் ஒரு வட்டமும் போட்டார்.

"இனி யாரும் மதிலுக்குக் கிட்ட போகக்கூடாது. வாரா வாரம் இந்தக் கல்லு மேல நின்னு, காசும் வெடிப்பும் ஒண்ணா தெரியிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்க. காசோட அளவு எங்களுக்குத் தெரியும். அத வச்சி வெடிப்ப அளந்துக்குவோம். கூடிக்கிட்டே போனா ஒங்களையெல்லாம் ஸ்கூலுக்கு மாத்தணும்" என்றார்.

போட்டோ எடுக்கும் வேலை கண்டாக்கு கணேசமூர்த்தி ஐயாவுக்குப் போனது. மலையில் எங்களை வேலை வாங்குகிறவரும் அவர்தான். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. கொழுந்து மளமளவென்று வருகிற நேரம். லயத்துச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனால் கொழுந்து எடுப்பது யார்? தோட்டத்துத் தொரை சும்மா விடுவாரா? "பூசையில பாதர் பேசினாலும் ஒனக்குச் சந்தேகம்தான் யூஜினா" என்று என் வீட்டுக்காரர் றோலண்ட் சிரித்தார். சிரிக்கட்டும். இடிந்து விழப்போகிற மதிலுக்கு அடியில் படுக்கிறவளுக்குச் சந்தேகம் வராமல் தூக்கமா வரும்?

முதல் போட்டோவில் வெடிப்பு காசில் பாதி அகலம் இருந்ததாம். பிறகு ஒவ்வொரு வாரமும் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கண்டாக்கையா நல்ல செய்தி சொன்னார். "கூடல." "அப்படியேதான் இருக்கு." கடைசியில், "கொறஞ்சிருக்கு!"

சனம் கைதட்டியது. பக்கத்துக் காம்பரா மீனம்மாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்குக் காரணம் தெரியும். சிவப்பு வட்டம் போட்ட கல்லைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்குமா? முதலில் ஒரு செவ்வந்திப் பூ வைத்தார். அப்புறம் குங்குமம், விளக்கு, எலுமிச்சம்பழம் குத்திய சூலம். மலையைத் தாங்குகிற முனியாம். விளக்கு வைத்ததிலிருந்துதான் வெடிப்பு அடங்குகிறது என்று லயமே நம்பியது. ஆளுக்கொரு கல் கொண்டுவந்து போட, மேடை அகலமாகிக்கொண்டே வந்தது.

எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. காணுக்கு இப்பால் நின்று பார்த்தால் வெடிப்புக்குள் இருட்டு கூடியிருப்பதுபோல் இருந்தது. ஆனால் வெறும் கண்பார்வையை வைத்துக்கொண்டு யாரிடம் நியாயம் பேசுவது? ஒரு மத்தியானம், கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு கண்டாக்கையாவிடம் போனேன்.

"ஐயா, அந்தப் போட்டோவ ஒருக்கா காட்டுங்களேன்."

"ஏன், நா பொய் சொல்றேன்னு நெனக்கிறியா?"

"பாத்தா கொறஞ்சா போயிரும்?"

முகத்தைச் சுளித்துக்கொண்டு போனை நீட்டினார். முதல் போட்டோவில் காசு வட்டமாக இருந்தது. அடுத்ததில் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. தள்ளத் தள்ள ஒடுங்கிக்கொண்டே வந்து, கடைசிப் போட்டோவில் நிமிர்த்தி வைத்த முட்டையைவிட ஒல்லியாக நின்றது.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "காசு எப்பிடிங்க ஐயா முட்டையாகும்? போட்டோவ அமுக்கி அனுப்பியிருக்கீங்க. தொர சொல்லித்தானே செஞ்சீங்க?" என்று கத்தினேன். நிறுக்கிற இடத்தில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திருதிருவென்று விழித்தார். திருடன் முழி என்றே நினைத்தேன். அவர் கையிலிருந்த போனிலேயே நிலக்ஷி மிஸ்ஸுக்குக் கோல் எடுத்து, விஷயத்தைக் கொட்டினேன்.

"இருங்க அக்கா" என்றார் மிஸ். படங்களைத் திறந்து பார்க்கிறார் என்று தெரிந்தது.

"அக்கா, இது அமுக்கினது இல்ல. அமுக்கியிருந்தா பக்கத்துச் செடியெல்லாங்கூட சேந்து ஒடுங்கியிருக்கும், அது அப்பிடியே இருக்கு. அவரு எங்க நின்னு எடுத்தாருன்னு கேளுங்க. பக்கவாட்டுல நின்னு எடுத்தா காசோட ஒசரம் அப்பிடியே இருக்கும், அகலம் மட்டும் ஒடுங்கும். வெடிப்போட அகலமும் அதே மாதிரி ஒடுங்கும். எங்க ஆபீஸ்ல காசோட ஒசரத்த வச்சே அளந்திருக்காங்க. எங்க பெழதான்."

"அப்ப நெசமா எவ்வளவு மிஸ்?"

"ஒடுங்கின காசோட அகலத்த வச்சிப் பாத்தா, கொறையல. நல்லா கூடியிருக்கு. ஆனா இவ்வளவு சாஞ்ச படத்த நம்ப முடியாது. நேரா ஒண்ணு எடுத்து ஒடனே அனுப்புங்க."

கண்டாக்கையாவைப் பார்த்தேன். "கல்லு மேல நின்னுதானே எடுக்கச் சொன்னாங்க?"

"அந்தக் கல்லு மேலயா?" குரல் இறங்கிப்போயிருந்தது. "சாமி மேல எப்பிடி யூஜினா செருப்போட ஏறி நிக்கிறது? மொதல்ல ஒரு அடி பக்கமா தள்ளி நின்னேன். மேட பெருசாகப் பெருசாக நானும் தள்ளிக்கிட்டே போனேன்."

ஓடினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மீனம்மாக்கா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி நான் போய் ஏறினால் சண்டையாகும் என்று பயமாகவும் இருந்தது.

மீனம்மாக்கா கல்லைப் பார்த்தார். பிறகு விளக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். சூலத்தைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினார்.

"போனக் குடுங்க ஐயா."

கொழும்பிலிருக்கும் மகளோடு தினம் போனில் முகம் பார்த்துப் பேசிப் பழகிய கை. நேராகப் பிடித்து எடுத்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். காசு வட்டமாக இருந்தது. பக்கத்தில் வெடிப்பு, அந்தக் காசை உள்ளே திணிக்க இன்னும் கொஞ்சந்தான் பாக்கி என்கிற அகலத்தில் கிடந்தது.

"இதத்தான் நா மறச்சிக்கிட்டு இருந்தேனா?" என்றார் மீனம்மாக்கா.

படம் போன கையோடு மிஸ் திருப்பிக் கோல் எடுத்தார். "யாரும் உள்ள இருக்க வேணாம். இப்பவே கெளம்புங்க."

கண்டாக்கையா ஒவ்வொரு காம்பராவாகத் தட்டினார். தொரை போன் அடித்தபோது எடுக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதை என் கண்ணால் பார்த்தேன். றோட்டில் ஏறும்போது பக்கத்தில் நடந்தவரிடம் கேட்டேன்.

"ஐயா, காசு ஒடுங்கினது ஒங்க கண்ணுக்குப் படவே இல்லியா?"

"கொறையிதுன்னதும் சந்தோஷமா இருந்திச்சி. சந்தோஷத்த யாரு போயி அளந்து பாப்பாங்க?" என்றார்.

அவர் மேல் அத்தனை பேர் முன்னால் பழி போட்டது எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் ஸ்கூலை எட்டும் முன்பே பின்னால் சத்தம் கேட்டது. மதிலோடு மலையும் இறங்கி எங்கள் காம்பராக்களை மூடிவிட்டது. உள்ளே ஒரு கோழிகூட இருக்கவில்லை.

விளக்கு என் கையிலேயே இருந்தது. மீனம்மாக்காவிடம் நீட்டினேன். வாங்கினார், ஆனால் ஏற்றவில்லை. அந்த ஸ்கூலுக்குப் பின்னாலும் ஒரு மதில் இருக்கிறது. இரண்டு பேருமாகப் போய் அதற்கு நேர் எதிரே நின்று பார்த்தோம்.