பதினேழு கிரெடிட்

மட்டாஞ்சேரியில் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் பிரிவு என் தலையில். விதிகளைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

மூன்றாம் செமஸ்டரில் ரோஜா என்ற மாணவியின் மதிப்பெண் சராசரி 5.8 ஆக இறங்கியது. ஸ்காலர்ஷிப் தொடர ஆறு வேண்டும். ஒரு செமஸ்டர் சறுக்கினால் எச்சரிக்கைக் கடிதம்தான். அடுத்ததிலும் ஆறைத் தொடாவிட்டால்தான் பணம் நிற்கும். கடிதத்தின் முதல் பக்கத்திலேயே பயந்துபோனவள், இந்த செமஸ்டரின் கடினமான புள்ளியியல் பாடத்தை விட்டுவிட்டாள். ஒரு செமஸ்டரில் எடுக்கும் பாடங்கள் மொத்தம் இருபது கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது என்பது இரண்டாம் பக்கத்தில். இப்போது அவளுக்குப் பதினேழு.

"மார்க் குறைஞ்சா இன்னொரு சான்ஸ் உண்டு மோளே. கிரெடிட் குறைஞ்சா அப்பவே கட்! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேக்கத்தான் வந்தேன் சேச்சி. நீங்க போன்ல பேசிக்கிட்டே கையெழுத்துப் போட்டுத் தந்தீங்க."

கோப்பைத் திறந்தேன். பாடத்தை விடும் படிவத்தில், காரணம்: 'ஸ்காலர்ஷிப்பைக் காப்பாற்ற'. கீழே என் கையெழுத்து.

விட்ட பாடத்தில் திரும்பச் சேர இன்று நான்கு மணி வரை நேரம் இருந்தது. புதுப் படிவத்தை நீட்டினேன்.

"இதுலயும் காரணம் கேட்டிருக்கே சேச்சி, என்ன எழுத?"

"அதையேதான் எழுது. இந்தத் தடவை வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறேன்."