கல்லுக்குள் மூன்று கார்டு

முப்பத்திரண்டு எப்போதும் எச்சில் தொட்டுத்தான் பேப்பர் புரட்டுவான். கட்டைவிரலை நாக்கில் ஒற்றி, ஒரு பக்கம். மறுபடி ஒற்றி, இன்னொரு பக்கம். அக்கா கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் ஈரமாக ஒரு வட்டம் இருந்தது.

அவன் கடன் ஏஜென்ட். எந்த நேரமும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பதால் அத்தான் வைத்த பெயர் அது. நானும் அத்தானும் பல் செட் செய்கிறவர்கள். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் கல்பொடி கரைத்து வார்த்து, அது கல்லாக இறுகியதும் மேலே ரோஸ் நிற ஈறு வைத்து, பல் பதித்துக் கொடுப்போம். அடுத்தவன் வாயைப் பார்த்துப் பிழைப்பவர்கள் என்று அக்கா சொல்வாள். நாள் முழுக்க ஊரார் எச்சிலில் கிடந்த சாமானோடு புழங்குகிற எனக்கே அந்தக் கட்டைவிரலைக் கண்டு குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடன் ஆபீஸ் ஒரு கண்ணாடி அறை. ஏசியில் யாரோ தின்ற முட்டையின் வாடை சுற்றிச் சுற்றி வந்தது. அதோடு என் தலையில் தேய்த்திருந்த எண்ணெயின் நாற்றமும் சேர்ந்துகொண்டது. முடி வளரும் என்று விற்ற எண்ணெய். முடி வளரவில்லை, பக்கத்தில் உட்காருகிறவர்கள்தான் குறைந்தார்கள்.

மேஜை மேல் இருந்தது அக்காவின் வீட்டுப் பத்திரம். இரண்டு அறை, ஒரு சமையலறை, மூன்றாவது மாடி. பிரசவ வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்துப் பார்த்து அவள் ஒருத்தியே தவணை கட்டி வாங்கிய வீடு. கடைசித் தவணை போன வருடம்தான் முடிந்தது. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் மல்லாந்து படுத்து, கூரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டைத்தான் இப்போது அடமானம் வைக்க வந்திருந்தோம்.

"பதினாறு பர்சன்ட்ல இருந்து பதினொண்ணு ஆகுது மேடம்," என்றான் முப்பத்திரண்டு. "யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா?"

இதற்கு முன்னால் ஒரு தடவை இவன் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் வில்லங்கம். அத்தானிடம் மூன்று கிரெடிட் கார்டு. மூன்றிலும் சேர்த்து ஆறு லட்சம் பாக்கி. மாசம் மூன்றரை வட்டி. இருபத்தோராயிரம் கட்டினால் வட்டிக்கே போய்விடும். அசல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். முப்பத்திரண்டு ஒரே கடனாக வாங்கிக் கொடுத்தான். வருடத்துக்குப் பதினாறு வட்டி, மாசம் பதினேழாயிரம், நாலு வருடத்தில் எல்லாம் முடியும். அக்காவே கணக்குப் போட்டுப் பார்த்துச் சரி என்றாள். குறைவாகக் கட்டி, கடனும் தீரும் என்றால் யார்தான் கசக்கிறது என்பார்கள்?

ஆனால் கடன் கொடுத்தவர்கள் செலவுக்கென்று பன்னிரண்டாயிரம் பிடித்துக்கொண்டுதான் பணம் தந்தார்கள். அதனால் மூன்றாவது கார்டில் மட்டும் அந்தப் பன்னிரண்டாயிரம் தங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கும்போது வேர் முறிந்து ஈறுக்குள் நிற்குமே, அந்த மாதிரி.

"சின்னத் தொகைதானே, மெதுவா கட்டிக்கலாம்," என்றார் அத்தான்.

"கார்டை குளோஸ் பண்ணிடாதீங்க சார், கிரெடிட் ஸ்கோர் குறையும்," என்றான் முப்பத்திரண்டு.

"அப்ப கார்டு எங்க இருக்கும்?" என்று கேட்டாள் அக்கா.

அத்தானுக்கு வீரம் வந்தது இந்த இடத்தில்தான். பட்டறையில் கல்பொடியைக் குழைத்து, மூன்று கார்டையும் உள்ளே போட்டு, செங்கல் அளவுக்கு ஒரு கட்டியாக வார்த்துவிட்டார். சும்மா விட்டாரா? மேலே ரோஸ் ஈறு வைத்து, நாலு பல்லும் பதித்து, பளபளவென்று பாலிஷ் போட்டார். அது எங்கள் அலமாரியில் இருந்து வருகிறவர் போகிறவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. "உடைச்சாத்தான் எடுக்க முடியும். நான் உடைப்பேனா?" என்று அக்காவிடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னார். அவள் ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். நான் கைதட்டினேன். எனக்கு எப்போதும் தப்பான இடத்தில்தான் கை தட்ட வரும்.

அதெல்லாம் நடந்து ஒன்றரை வருடம். இப்போது அந்தப் பதினாறு வட்டிக் கடனையே வீட்டு மேல் பதினொன்றுக்கு மாற்றலாம் என்று அத்தான் ஒரு மாதமாக அக்காவைக் கரைத்து, கடைசியில் இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார். நான் சாட்சிக் கையெழுத்துக்கு. பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

கண்ணாடி போட்ட பெண் அதிகாரி தாளைப் பார்த்தார். "எட்டரை லட்சம், பதினஞ்சு வருஷம். மாசம் ஒன்பதாயிரத்து எழுநூறு வரும்."

அக்கா நிமிர்ந்தாள். "எட்டரையா? எங்களுக்கு மிச்சம் இருக்கிறது நாலே சொச்சம்தானே?"

"அது பர்சனல் லோன் மட்டும் மேடம். முன்கூட்டி அடைக்கிறதுக்கு நாலு பர்சன்ட் அபராதம் இருக்கு. அப்புறம் கார்டு மூணும் சேர்த்து நாலு லட்சம். அதையும் இதுலதானே முடிக்கச் சொல்லியிருக்கீங்க?"

அறையில் முட்டை வாடை மட்டும் நகர்ந்தது.

"கார்டு கல்லுக்குள்ள இருக்கு," என்றாள் அக்கா, மெதுவாக.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பத்திரண்டின் வாய் முதல் தடவையாக மூடியது. மூடிய வாயோடு அவனைப் பார்க்க இன்னும் சகிக்கவில்லை.

"ஏங்க. கல்லை உடைச்சீங்களா?"

"சத்தியமா இல்லம்மா! அப்படியே இருக்கு, வேணும்னா தம்பியைக் கேளு."

"அப்ப நாலு லட்சம் எப்படி வந்துச்சு? பல்லு முளைக்கிற மாதிரி அதுவா முளைச்சுதா?"

அத்தான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நம்பர் எல்லாம் போன்லயே சேவ் ஆயிருக்கு. கார்டு கையில இருக்கணும்னு அவசியமே இல்லம்மா."

பட்டறைக்கு வந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அறுபதாயிரத்துக்கு முதுகு பிடித்துவிடும் நாற்காலி. மீனே பிடிக்காத மனிதருக்கு மூன்று தூண்டில். ராத்திரி ஈறு நிறத்தில் ஒளிரும் விளக்கு. "டாக்டருங்க அனுப்பின கிஃப்ட்" என்பார். எங்களுக்கு ஒழுங்காகக் கூலியே அனுப்பாத டாக்டர்கள் நாற்காலி அனுப்புவார்களா என்று நான் யோசிக்கவில்லை. மதியம் சாப்பிட்டதும் அந்த நாற்காலியில் படுத்துக் குறட்டை விடுகிறவனுக்கு யோசனை எங்கிருந்து வரும்?

"அந்தப் பன்னிரண்டாயிரம் பாக்கி கட்டினீங்களா, இல்லையா?" என்றாள் அக்கா.

"மாசாமாசம் மினிமம் தொகை மட்டும் கட்டிட்டு இருந்தேன்."

அதிகாரி தயங்கிச் சொன்னார்: "பாக்கி நிக்கிற கார்டுல புதுசா எது வாங்கினாலும் அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும் சார். வட்டி இல்லாத அந்த நாப்பது அம்பது நாள் சலுகையெல்லாம் முழுசா கட்டுறவங்களுக்குத்தான்."

"இவருக்கு இப்பதான் தெரியுது," என்றாள் அக்கா. பிறகு தன் போனை எடுத்து ஒன்பதாயிரத்து எழுநூறைப் பதினைந்து வருடத்துக்குப் பெருக்கினாள். மருந்தளவு பார்க்கிற அதே முகம். "வாங்குறது எட்டரை. கட்டி முடிக்கிறது பதினேழரை. சரியா மேடம்?"

"கிட்டத்தட்ட."

"வட்டி கம்மிதான், ஆனா வருஷம் ஜாஸ்தி," என்று முப்பத்திரண்டு மறுபடி பல்லைத் திறந்தான். "மாசாமாசம் எவ்வளவு லேசா இருக்கும்னு பாருங்க சிஸ்டர்! கார்டு மூணும் காலி ஆயிடும், ஃப்ரீயா மூச்சு விடலாம்."

"காலியான கார்டைத்தான் இவர் போன தடவை ரொப்பிட்டாரே. இந்தத் தடவை ரொப்பினா எதை வெப்போம்? கார்டுக்காரன் போன் போட்டுக் கத்துவான், கோர்ட்டுக்குப் போவான். அது இவர் கடன், இவர் பாடு. என் வீட்டை நானே எழுதிக் குடுத்துட்டா, தவணை தவறினதும் நேரா வந்து சீல் வெப்பீங்க. இல்லையா மேடம்?"

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முப்பத்திரண்டு விடவில்லை. கட்டைவிரலை நாக்கில் ஒற்றி, கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பி, அக்கா முன்னால் நகர்த்தினான். "கோபத்துல முடிவெடுக்காதீங்க. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு."

அக்கா அந்த ஈர வட்டத்தைப் பார்த்தாள். வார்டில் எத்தனையோ பார்த்தவள், எதற்கும் முகம் சுளிக்காதவள், கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து, அதைக்கொண்டு வீட்டுப் பத்திரத்தின் ஓரத்தைப் பிடித்து உருவி, உறையில் போட்டாள். பிறகு டிஷ்யூவை முப்பத்திரண்டின் கையில் வைத்தாள்.

"தொடச்சிக்க தம்பி."

நான் பேனாவை மூடினேன். அதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே வீரச்செயல்.

பட்டறைக்கு வந்ததும் அவள் சுத்தியலைக் கேட்டாள். அத்தான் எடுத்துக் கொடுத்தார். இரண்டே அடி. நாலு பல்லும் நாலு திசைக்குத் தெறித்தன. ஒன்று என் சட்டைப் பைக்குள். உள்ளே மூன்று கார்டும் கீறல்கூட இல்லாமல், குளித்துவிட்டு வந்தவை போலப் பளபளத்தன. அவ்வளவு அசிங்கமான பளபளப்பை நான் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு பேங்குக்கா போன் போடுங்க. இனிமே ஒரு பைசா புதுசா ஏறாத மாதிரி பிளாக் பண்ணச் சொல்லுங்க. பாக்கியைத் தவணையா மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க."

"அவங்க பதினெட்டு, இருபதுன்னு வட்டி கேப்பாங்கம்மா. பதினொண்ணுக்குக் கிடைக்கிறப்ப…"

"கேக்கட்டும். மூணு வருஷத்துல முடியும், உங்க பேர்ல இருக்கும். அந்தப் பதினேழாயிரம் எப்பவும்போல போகட்டும். நாற்காலி, தூண்டில், அந்த ஈறு விளக்கு எல்லாத்தையும் வித்து முதல்ல அந்த மூணாவது கார்டுல போடுங்க. மிச்சத்துக்கு ஞாயித்துக்கிழமையும் பட்டறையைத் திறங்க."

அத்தான் கார்டுகளைக் கல் தேய்க்கிற சக்கரத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்தார். கருகிய பிளாஸ்டிக்கின் நாற்றம் அறை முழுக்க நிரம்பியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால் என்று வைத்துக்கொள்வோம். பாவம், கெட்டவர் இல்லை. பெட்டி பிரிக்கிற சத்தம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அக்கா அவர் போனை வாங்கி, ஒவ்வொரு ஆன்லைன் கடையாகத் திறந்து, சேவ் ஆகியிருந்த நம்பர்களை அழித்துக்கொண்டே வந்தாள். பாதியில் நின்றாள். திரையை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு மூக்கை என் தலைப் பக்கம் திருப்பினாள்.

"ஏங்க, உங்களுக்குத்தான் முடி நல்லா இருக்கே. மூலிகை எண்ணெய் ஆறு பாட்டில், இது யாருக்கு?"

அத்தான் சக்கரத்தை நிறுத்தினார். நான் சுவரில் தொங்கிய பல் வரிசைகளை எண்ணத் தொடங்கினேன்.

"டேய்," என்றாள் அக்கா, கையை நீட்டி. "உன் போனையும் குடு."