சிவப்பு ஆணி

தேனியில் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் எங்கள் ஜின்னிங் பாக்டரிக்கு, ஆள்கணக்கு எடுக்க டோக்கன் வந்தது முப்பத்தேழாம் வருஷம், பருத்தி வரத்துத் தொடங்கிய மாசி மாதத்தில். நான் அங்கே டைம் கீப்பர். அதுவரை மேஸ்திரி தவசி காலையில் பெயர் கூப்பிடுவார். அவருக்குக் காது கேட்டால் ஆள் உண்டு. கேட்காவிட்டால் அரைநாள் கூலி வெட்டு.

முதலாளி அய்யாத்துரை கோயம்புத்தூர் போய்வந்தவர், பித்தளை டோக்கன்களைச் சாக்கோடு கொண்டுவந்து இறக்கினார்.

"நாளைக்கே எல்லாருக்கும் குடுத்துரு" என்றார்.

"மொதல்ல ஜின் கொட்டகைப் பொம்பளைகளுக்கு மட்டும் குடுத்துப் பாப்போம் முதலாளி. மேஸ்திரி பேர் கூப்பிடுறதும் கூடவே நடக்கட்டும். சனிக்கிழமைதோறும் அவுகளையே உக்கார வச்சுக் கேட்டு, கொறையச் சரிபண்ணுவோம். ஒரு வாரம் முழுக்கப் பலகையும் தலைக்கணக்கும் ஒத்துப்போனா, பஞ்ச அழுத்திப் பேல் கட்டுற ஆளுகளுக்கு. அப்புறம் கோடவுனுக்கு" என்றேன்.

"ஒத்துப்போகலேன்னா?"

"மாத்திப் பாப்போம்."

"ரொம்ப நாள் இழுக்காத" என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

வாசலில் பலகை. பலகையில் எண் போட்ட ஆணிகள். வரும்போது தன் டோக்கனை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே போனால் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெற்று ஆணி என்றால் ஆள் உள்ளே இருக்கிறது.

என் மாமன் மகள் முருகம்மாளும் அந்தக் கொட்டகையில்தான் இருந்தாள். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"ஏன் மச்சான், மாட்டுக்குத்தான் மணி கட்டுவாக. எங்களுக்குமா?" என்றாள், எல்லோரும் கேட்கும்படி. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பஞ்சுத் தூசி அவள் புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த முகம்தான் இன்றும் எனக்கு முதலில் வருகிறது.

முதல் சனிக்கிழமை பருத்தி மூட்டைகள் மேல் உட்கார்ந்து குறை சொன்னார்கள். பலகை உயரம், கை எட்டவில்லை என்றார்கள். இறக்கி அடித்தோம். எண் வாசிக்கத் தெரியாது என்றார்கள். ஒவ்வொரு ஆணிக்கு மேலேயும் அதன் டோக்கனிலும் மாட்டுக்கொம்பு, குடம், கிளி என்று சாயத்தில் படம் எழுதினோம். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுவாரம் கணக்கு உதைத்தது. வெற்று ஆணிகளை எண்ணிவிட்டுக் கொட்டகைக்குள் தலைகளை எண்ணினால், ஒரு தலை குறைந்தது. அடுத்த நாளும் அப்படியே. தவசி நேரே முதலாளியிடம் போனார்.

"ஆளு இல்லாமலே டோக்கன் வேல பாக்குது முதலாளி. நான் கூப்பிட்டா இப்படி ஏமாத்த முடியுமா?"

முதலாளி என்னைப் பார்த்தார். "நிறுத்திரலாமா?"

"சனிக்கிழமை கேட்டுட்டுச் சொல்றேன்."

"சனிக்கிழமையோட சரி."

அந்தச் சனிக்கிழமை, ஒரு தலை ஏன் குறைகிறது என்று கேட்டேன். கைக்குழந்தைக்காரி கஸ்தூரியம்மாள் தலையைக் குனிந்தபடி பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் முருகம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு டோக்கன்களை என் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணு என்னுது. ஒண்ணு கஸ்தூரி மதினியோடது. பிள்ளைக்குப் பால் குடுக்க வேப்பமரத்தடிக்குப் போறாக. ஆணியில மாட்டிட்டுப் போனா ஆளு இல்லேம்பீக, அரைநாள் போயிரும். இனி ஒரு அரைநாள் வெட்டு விழுந்தா ஆளையே மாத்திருவேன்னு மேஸ்திரி சொல்லிருக்காக. டோக்கனோட வெளிய போனா வாசல்ல பிடிப்பாக. அதான் நான் வாங்கி முடிஞ்சுக்கிட்டேன்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"இப்பத்தான கேக்குறீக."

கஸ்தூரியம்மாள் மட்டும் மெல்லச் சொன்னாள்: "அய்யா, என்னய வேணா நிறுத்துங்க. அவளத் தள்ளிராதீக."

முதலாளியிடம் போனேன். "ஏமாத்துனது இல்ல முதலாளி. உள்ள, வெளிய, ரெண்டு இடந்தான் நாம வச்சது. போய்ட்டு வர்றவகளுக்கு இடமே வைக்கல. பலகை ஓரத்துல சிவப்புச் சாயம் பூசி ஒரு வரிசை ஆணி அடிப்போம். அங்கன தொங்குனா பால் குடுக்கப் போயிருக்காகன்னு அர்த்தம். வெட்டுக் கெடையாது. இன்னொரு வாரம் குடுங்க."

அவர் மேஜையைத் தட்டினார். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிட்டா?"

"வேப்பமரம் வாசல்லயே தெரியுதே."

சிரித்துவிட்டார். ஒரு வாரம் கிடைத்தது.

அந்த வாரம் ஒருநாள்கூடக் கணக்குப் பிசகவில்லை. பகலில் கஸ்தூரியம்மாளின் கிளி சிவப்பு ஆணியில் தொங்கும், கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். டோக்கன் பேல் கட்டுகிறவர்களுக்குப் போனபோது அவர்கள் சொன்ன முதல் குறை: "எங்களுக்கும் ஒரு செவப்பாணி, பீடிக்கு." கோடவுன் வரை போனதும் பெயர் கூப்பிடுவது நின்றது. தவசி தனக்கு மட்டும் டோக்கன் வேண்டாம் என்றார். பிறகு யானைப் படம் போட்டால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். போட்டோம்.

வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு தண்ணீருக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் முருகம்மாள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பாள்: "மச்சான், நான் செவப்பாணியில இருக்கேன். வெட்டிராதீக."

அவள் போய்ச் சேர்ந்து இது இரண்டாவது மாசி. பருத்தி வண்டிகள் தெருவில் போகின்றன. சோறு வைக்கும்போது இன்னும் இரண்டு தட்டு எடுக்கிறேன். அவளுடையதைத் திருப்பி வைப்பதில்லை. வெட்டிராதீக என்று சொல்லியிருக்கிறாள்.